இருமத் தேடலால் முகடு காணல்

முகடு காணல் என்பது எண்களின் அணி ஒன்றில், தன் இரு பக்கத்து அண்டை உறுப்புகளையும் விடப் பெரிதாக உள்ள ஓர் உறுப்பைக் கண்டறியும் கணக்கு ஆகும். அத்தகைய உறுப்பு முகடு எனப்படும். அடுத்தடுத்த எண்கள் சமமாக இரா என்றும், அணியின் இரு முனைகளுக்கும் வெளியே எதிர்ம முடிவிலி இருப்பதாகவும் கொள்வது வழக்கம். அணி வரிசைப்படுத்தப்படாமல் இருந்தாலும் இருமத் தேடலால் முகட்டைக் கண்டுவிடலாம் என்பதே இக்கணக்கின் சிறப்பு.

வரலாறு

இருமத் தேடலைப் பற்றிய முதல் வெளியீடு, 1946இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தின் மூர் பள்ளியில் ஜான் மாக்லி ஆற்றிய சொற்பொழிவில் இடம்பெற்றது. அங்கு அது வரிசைப்படுத்திய பட்டியலில் ஒரு மதிப்பைத் தேடும் முறையாகவே இருந்தது. எல்லா நீளப் பட்டியலுக்கும் பொருந்தும் வடிவத்தை டி. எச். லேமர் 1960இல்தான் வெளியிட்டார் என்று டொனால்டு குனூத் குறிப்பிடுகிறார்.

உச்சத்தைத் தேடும் எண்ணம் வேறு வழியில் வந்தது. 1953இல் புள்ளியியலாளர் ஜாக் கீஃபர், ஒரே ஒரு மேடு மட்டும் உள்ள சார்பின் பெரும மதிப்பை மிகக் குறைந்த அளவீடுகளில் நெருங்கும் முறையை வெளியிட்டார். அதற்கு ஒற்றை மேடு என்ற நிபந்தனை தேவைப்பட்டது. முகடு காணலில் அந்த நிபந்தனை இல்லை. அதற்கு ஈடாக, மிகப்பெரிய எண்ணைத் தேடாமல் ஏதேனும் ஒரு முகடு கிடைத்தால் போதும் என்று கேள்வி தளர்த்தப்படுகிறது. மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் 6.006 என்ற படிமுறைப் பாடத்தில், 2011ஆம் ஆண்டின் முதல் வகுப்பு இக்கணக்கைக் கொண்டே தொடங்கியது.

செயல்முறை

```
lo, hi = 0, len(a) - 1
while lo < hi:
    mid = lo + (hi - lo) // 2
    if a[mid] < a[mid + 1]:
        lo = mid + 1
    else:
        hi = mid
return lo
```

வலப்பக்க ஒப்பீடு மட்டும் ஏன் போதும்?

முகட்டின் வரையறை இரு அண்டை உறுப்புகளைப் பற்றிப் பேசுகிறது. நிரலோ வலப்பக்கத்தை மட்டுமே பார்க்கிறது. இடப்பக்க ஒப்பீடு முன்பே முடிந்துவிடுவதே இதற்குக் காரணம்.

தேடல் நடக்கும்போது இரண்டு உண்மைகள் மாறாமல் நிற்கின்றன. `lo` இடத்து உறுப்பு தன் இடப்பக்க உறுப்பை விடப் பெரியது. `hi` இடத்து உறுப்பு தன் வலப்பக்க உறுப்பை விடப் பெரியது. தொடக்கத்தில் இரு முனைகளுக்கும் வெளியே எதிர்ம முடிவிலி இருப்பதால் இவை இரண்டும் உண்மை. நடு உறுப்பு தன் வலப்பக்க உறுப்பை விடச் சிறியது என்றால், `lo` அந்த வலப்பக்க உறுப்புக்கு நகர்கிறது. அது தன் இடப்பக்கத்தை விடப் பெரியது என்பதை இப்போது செய்த ஒப்பீடே காட்டிவிட்டது. நடு உறுப்பு பெரியது என்றால் `hi` அங்கு நகர்கிறது. அது தன் வலப்பக்கத்தை விடப் பெரியது என்பதும் அதே ஒப்பீட்டால் தெரிந்ததே. இறுதியில் `lo`, `hi` இரண்டும் ஒரே இடத்தில் சேரும்போது இரு உண்மைகளும் ஒரே உறுப்பின் மேல் பொருந்துகின்றன. ஆகவே அது முகடு.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. `mid` எப்போதும் `hi`யை விடச் சிறியதாகையால் `a[mid + 1]` அணிக்குள்ளேயே இருக்கும். இடப்பக்கத்தைப் பார்த்தால், `mid` சுழியாகும்போது அணிக்கு வெளியே போக நேரிடும்.

எடுத்துக்காட்டு

3, 12, 5, 4, 6, 9, 8, 2 என்ற அணியில் சுட்டெண்கள் 0 முதல் 7 வரை. முதலில் நடு 3. அங்குள்ள 4, அடுத்துள்ள 6ஐ விடச் சிறியது. எனவே `lo` 4 ஆகிறது. அடுத்த நடு 5. அங்குள்ள 9, அடுத்துள்ள 8ஐ விடப் பெரியது. எனவே `hi` 5 ஆகிறது. மூன்றாவது நடு 4; அங்குள்ள 6, 9ஐ விடச் சிறியது. `lo` 5 ஆகித் தேடல் முடிகிறது. விடை 9. மூன்று ஒப்பீடுகள் போதுமாயின. 10 இலட்சம் உறுப்புகள் இருந்தாலும் 20 ஒப்பீடுகளுக்கு மேல் ஆகாது.

இடப்பாதியில் இருந்த 12 கண்ணில் படவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கைவிடப்பட்ட பாதியில் முகடே இல்லை என்று இம்முறை சொல்வதில்லை. வைத்துக்கொண்ட பாதியில் ஒன்றாவது உண்டு என்று மட்டுமே உறுதி தருகிறது. எனவே பெரும மதிப்பு தேவைப்படும் இடத்தில் இதைப் பயன்படுத்தக் கூடாது.

பிழைகளும் வரம்புகளும்

`hi = mid` என்பதற்குப் பதில் `hi = mid - 1` என எழுதினால் முகடே விடுபடலாம். 1, 3, 2 என்ற அணியில் அந்நிரல் 1ஐ விடையாகத் தரும். `lo = mid` என எழுதினால், இரண்டு உறுப்புகள் எஞ்சும்போது `lo` நகராமல் நிரல் முடிவின்றிச் சுழலக்கூடும்.

நடுவை `(lo + hi) / 2` எனக் கணக்கிடுவதிலும் ஆபத்து உண்டு. 32 பிட்டு முழுவெண்ணில் கூட்டுத்தொகை 2,147,483,647ஐத் தாண்டினால் எதிர்ம எண்ணாகிவிடும். ஜாவா நூலகத்தின் இருமத் தேடல் நிரலிலேயே இப்பிழை பல ஆண்டுகள் இருந்ததை ஜோசுவா பிளாக் 2006இல் எடுத்துக்காட்டினார்.

சம எண்கள் அடுத்தடுத்து வந்தால் உறுதி தளர்கிறது. 2, 2, 2, 2, 9 என்ற அணியில் இந்நிரல் முதல் 2இல் நின்றுவிடும். அண்டை உறுப்புகளை விடக் குறையாமல் இருந்தால் போதும் என்று வரையறுத்தால் அது சரியான விடையே. கண்டிப்பாகப் பெரிதாக இருக்க வேண்டும் என்றால் தவறான விடை. அந்நிலையில் சமம் என்ற முடிவு எந்தப் பக்கம் செல்வது என்று காட்டாததால், மிக மோசமான நிலையில் எல்லா உறுப்புகளையும் பார்க்க வேண்டியிருக்கும்.