நாயும் கெண்டியும்: ஜவ்வாது மலை அடிவார நடுகற்களில் குறி மாறிய கதை

தாமரை, சிலுவை, சக்கரம் ஆகியவற்றைக் கண்டதும் பொருள் தெரிந்துவிட்டதாக நாம் நம்புகிறோம். நெடுங்கால வழக்கம் அவற்றின் பொருளை நமக்கு முன்பே சொல்லி வைத்திருக்கிறது. அப்படி யாரும் சொல்லிவைக்காத குறிகளை எப்படிப் படிப்பது? ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரமான செங்கம் வட்டார நடுகற்கள் அதற்கு ஏற்ற களம். இவற்றுள் பலவற்றைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற தொகுதியாக வெளியிட்டது.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் பியர்ஸ் குறிகளை மூன்றாகப் பிரித்தார். பொருளைப் போலவே தோற்றமளிப்பது உருவக்குறி. புகை நெருப்பைக் காட்டுவதுபோல, பொருளோடு நேர்த் தொடர்பால் அதைக் காட்டுவது சுட்டுக்குறி. வழக்கத்தால் மட்டும் பொருள்படுவது மரபுக்குறி. ஒரே கல்லில் மூன்றும் இருக்கலாம். ஒன்று காலப்போக்கில் இன்னொன்றாக மாறவும் கூடும்.

எடுத்தனூர் நடுகல்லைப் பார்ப்போம். மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த இதன் எழுத்து வட்டெழுத்து. வில்லேந்திய வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. வீரன் பெயர் கருந்தேவக்கத்தி. வாணகோ அரசரோடு உறவுடைய பொற்றொக்கையாரின் இளமகன். எருமைகளுக்காக நடந்த பூசலில் அவன் இறந்தான் என்கிறது கல்வெட்டு. நாய்க்கும் தனியே ஒரு வாசகம் உண்டு: கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் இருந்ததாம்.

இப்போது எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். வில்லும் நாயும் சேர்ந்தால் யாருக்கும் தோன்றுவது வேட்டைதான். எழுத்தைத் திறந்ததும் வேட்டை மறைந்து, எசமானின் உடலுக்கருகே நிற்கும் காவல் நாய் தெரிகிறது. படத்தின் பல பொருள்களில் ஒன்றை எழுத்து இறுக்கிப் பிடிப்பதை ரோலான் பார்த் நங்கூரம் என்றார். எடுத்தனூரில் அந்த நங்கூரம் இல்லையென்றால் நாமும் தவறாகவே படித்திருப்போம். எழுத்தில்லாத கற்களில் நாயைக் கண்டவுடன் ‘வேட்டை வீரன்’ என்று பட்டியலில் எழுதிவிடும் பழக்கத்தை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

எழுத்தே தொடாத குறிகளும் உண்டு. வீரனின் காலடியில் சில கற்களில் ஒரு கெண்டியும் சிமிழும் காட்டப்படுகின்றன. அவன் ஏன் இறந்தான், யாருக்காக இறந்தான் என்று சொல்லும் கல்வெட்டுகள் இவற்றை விளக்குவதில்லை. எல்லாரும் அறிந்ததை எழுத வேண்டியதில்லை அல்லவா? கெண்டியைக் கள் கலம் என்று கொள்வதற்கு ஒரு சான்று உண்டு. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில், நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் உகுக்கும் வழக்கம் வருகிறது. அதியமானின் தகடூரும் இந்த மலைக்குத் தொலைவில் இல்லை. ஆனால் பாட்டுக்கும் கல்லுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. அதே கெண்டி நீர்க்கடனுக்கான கலமாகவோ வீரனின் செல்வநிலையைக் காட்டும் பொருளாகவோ இருக்கலாம்.

இதைத் தீர்க்க மாற்றிப்பார்க்கும் முறை உதவும். கெண்டி உள்ள கற்களையும் இல்லாதவற்றையும் இரண்டாகப் பிரித்து, வீரனின் தகுதி, இறந்த காரணம், காலம் ஆகியவற்றில் எது கெண்டியோடு சேர்ந்து மாறுகிறது என்று பார்க்க வேண்டும். தகுதியோடு மாறினால் அது செல்வக்குறி. எதனோடும் மாறாமல் எல்லா வகை வீரருக்கும் வந்தால், நடுகல் சடங்குக்கே உரிய மரபுக்குறி என்ற கருத்து வலுப்பெறும். இதில் ஒரு சிக்கல்: சிதைந்த கற்களில் அடிப்பகுதி மண்ணில் புதைந்திருக்கும். அங்கே கெண்டி ‘இல்லை’ என்று எண்ணினால் கணக்கே பிழைக்கும்.

அடுத்த மாற்றம் வழிபாட்டில் நடந்தது. இவ்வட்டாரத்தில் பல நடுகற்கள் இன்று வேடியப்பன். இறந்தவனின் பெயரும் ஊரும் மறந்து, கல் குலம் காக்கும் தெய்வமானது. வேடு என்ற சொல்லோடு இப்பெயரை இணைத்துப் பார்த்தால், வட்டெழுத்தைப் படிக்க ஆளில்லாமல் போனபின் வில்லே பெயரிட்டது என்று கருத இடமுண்டு. ஒரு பூசலைச் சுட்டிய வில் வேடனின் அடையாளமாயிற்று. காவல் நாய் வேட்டைத் துணையாயிற்று. கல்லில் ஒரு கோடும் மாறவில்லை. பார்ப்பவர்களிடம் இருந்த வாசிப்பு மட்டும் மாறிவிட்டது. ஆய்வாளர் இதைப் பிழை என்று தள்ளிவிடக் கூடாது. ஏழாம் நூற்றாண்டுக்கு அது பொருந்தாது. வேடியப்பனுக்குப் பொங்கலிடுபவர்களுக்கு அதுவே பொருள்.

வழிபாட்டிலுள்ள கற்களில் எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் படிந்து எழுத்து மங்குவதுண்டு. களத்துக்குப் போகிறவர்கள் ஊராரைக் கேட்காமல் அதைச் சுரண்ட வேண்டாம். படம் எடுக்கும்போது முகத்தோடு நிறுத்திவிடாமல், காலடி வரை, மண்ணைத் தொடும் விளிம்பு வரை எடுங்கள். கெண்டி அங்கேதான் இருக்கும்.