அணைச்சுவர் சூடும் எழுபத்திரண்டு நிமிஷக் கணக்கும்

மேட்டூர் தண்ணியைப் பத்தி சேலம், நாமக்கல் பக்கம் எல்லாரும் பேசுவாங்க. இந்தப் பதிவு தண்ணியைப் பத்தி இல்ல, அதைத் தடுத்து நிக்கிற சுவரைப் பத்தி. சரியாச் சொன்னா, அந்த மாதிரி கனமான சுவருக்குள்ள சூடு எப்படி நகருதுன்னு கணக்குப் போடப்போய் மனுஷங்க மாட்டிக்கிட்ட ஒரு சிக்கலைப் பத்தி. கொஞ்சம் கணக்கு வரும், ஓடிராதீங்க :-)

மேட்டூர் அணை வேலை 1925-ல ஆரம்பிச்சு 1934-ல முடிஞ்சது. அமெரிக்காவுல ஹூவர் அணை எழும்பினதும் கிட்டத்தட்ட அதே காலம், 1931-லிருந்து 1935 வரை. சிமெண்ட் இறுகும்போது சூடு கிளப்பும். வீட்டுக் கூரைன்னா அது சீக்கிரம் வெளிய போயிடும். மீட்டர் கணக்குல கனமான சுவர்னா உள்ளயே தங்கிடும். வெளிப்பக்கம் ஆறிச் சுருங்கும், உள்பக்கம் சூடா இருக்கும், நடுவுல விரிசல் விழும். அதனாலதான் ஹூவர் கான்கிரீட்டுக்குள்ள குழாய் பதிச்சு குளிர்ந்த தண்ணி ஓடவிட்டாங்க.

எத்தனை நாள்ல ஆறும்னு முன்கூட்டியே தெரியணும் இல்லீங்களா? அதுக்கு அந்தக் காலத்துல ஒரு அழகான வழி இருந்தது. ஜெர்மானியப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் 1924-ல வெளியிட்டது. சுவரைச் சம துண்டுகளாப் பிரிச்சுக்கோங்க. ஒரு புள்ளியோட அடுத்த வெப்பநிலை என்னன்னா, இப்போ அதுக்கு இடமும் வலமும் இருக்கிற ரெண்டு புள்ளியோட சராசரி. அவ்வளவுதான்! ஸ்கேலும் பென்சிலும் போதும். இப்ப இருக்கிற நிலையை மட்டும் வச்சு அடுத்ததை நேரா எழுதிடற இந்த வகைக்குத்தான் எக்ஸ்பிளிசிட் முறைன்னு பேரு.

ஆனா ஒரு நிபந்தனை. ஒரு சராசரி எடுத்தா எவ்வளவு நேரம் நகர்ந்திருக்கும்னு நாம முடிவு பண்ண முடியாது. துண்டோட நீளத்தை வர்க்கப்படுத்தி, வெப்பம் பரவும் எண்ணோட ரெண்டு மடங்கால வகுத்தா வர்றதுதான் அந்த நேரம். கான்கிரீட்டுக்கு அந்த எண் ஒரு நாளைக்கு சுமார் 0.1 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் துண்டுன்னா 0.01 / 0.2 = 0.05 நாள். அதாவது 72 நிமிஷம்.

"எதுக்கு 72 நிமிஷம்? சுவர் ஆறவே வாரக்கணக்கு ஆகும், ஆறு மணி நேரமா தாண்டினா என்ன?" நியாயமான கேள்விதான். பதில் ஐகன்மதிப்புல இருக்கு.

4 மீட்டர் சுவரை எடுத்துக்குவோம். ரெண்டு முகமும் வெளி வெப்பநிலையிலயே இருக்கு. உள்ள இருக்கிற சூட்டோட வடிவம் எதுவா இருந்தாலும் அதை அலைகளோட கூட்டலா எழுதலாம். ஒவ்வொரு அலையும் தன் வடிவம் மாறாம தன் வேகத்துல தேயும். அந்தத் தேய்மான வேகம்தான் ஐகன்மதிப்பு. தேயறதால எல்லாமே மைனஸ். நடுவுல ஒரே மேடா இருக்கிற பெரிய அலைக்கு அது நாளைக்கு சுமார் -0.06. அதாவது 16 நாள்ல மூணுல ஒரு பங்கு சொச்சமா இறங்கும். நமக்குத் தெரிய வேண்டியது இதுதான். 10 செ.மீ. துண்டுல வர்ற மிகச்சின்ன அலை ரம்பப்பல் மாதிரி: ஒரு புள்ளி மேல, அடுத்தது கீழ, அடுத்தது மேல. அதுக்கு ஐகன்மதிப்பு கிட்டத்தட்ட -40. இருக்கிறதுலயே அதிக மைனஸ் இதுதான். நிஜச் சுவர்ல இப்படி ஒரு ஏற்ற இறக்கம் இருந்தா அரை மணி, ஒரு மணி நேரத்துல காணாமப் போயிடும்.

எக்ஸ்பிளிசிட் முறை என்ன செய்யுதுன்னா, இப்போ இருக்கிற சரிவைப் பார்த்து அதே சரிவுல நேர்கோடா நடக்குது. ரம்பப்பல்லோட உயரம் 1-ன்னு வைங்க. அந்தச் சரிவுல நேரா இறங்கினா 36 நிமிஷத்துல பூஜ்யம். நிஜத்துல வளைவு அங்க மெதுவாகிடும், கோட்டுக்கு அது தெரியாதே! நேரா போய் 72-வது நிமிஷத்துல -1-ல நிக்கும். அதுக்கு மேல போனா, ஆரம்பிச்ச உயரத்தை விட எதிர்ப்பக்கம் பெருசாயிடும். சூத்திரமா எழுதினா ஒவ்வொரு தாண்டலுக்கும் பெருக்கல் எண் 1 + hλ. அது -1-க்குக் கீழ போகக்கூடாது, அதனால h ≤ 2/|λ|. அதாவது 2/40 = 0.05 நாள். அதே 72 நிமிஷம்! ஷ்மிட்டோட சராசரி விதி எல்லைக்கோட்டு மேலயே நடந்திருக்குங்க.

எல்லையைக் கொஞ்சம் தாண்டிப் பாருங்க. h = 0.06 நாள், அதாவது 86 நிமிஷம். பெருக்கல் எண் -1.4. ரம்பப்பல் நம்ம கணக்குல ஆரம்பத்துல இல்லவே இல்லைன்னாலும், தசமம் வெட்டுறப்ப 0.01 டிகிரி பிழை அந்த வடிவத்துல ஒட்டிக்கிட்டா போதும். 20 தாண்டல்ல கிட்டத்தட்ட 800 மடங்கு, 8 டிகிரி. ஒரு நாள் சொச்சத்துலயே கணக்கு குப்பை. அடையாளம் சுலபம்: பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் மாறி மாறி ஏறி இறங்கும், ஒவ்வொரு தாண்டலுக்கும் குறி மாறும். தாண்டலைக் குறைச்சதும் அது சட்டுன்னு மறைஞ்சா அது சுவரோட குணம் இல்ல, கணக்கோட குணம். இன்னும் துல்லியமா வேணும்னு துண்டைப் பாதியாக்கினா |λ| நாலு மடங்கு, தாண்டல் 18 நிமிஷம்!

ஹூவருக்கு அடியில சுமார் 200 மீட்டர் கனம். குழாய் இல்லாம விட்டா, மேல சொன்ன கணக்குப்படியே பெரிய அலை தேய 110 வருஷம் மாதிரி ஆகும். அதை 10 செ.மீ. துண்டுல 72 நிமிஷமா நடந்தா எட்டு லட்சம் தாண்டல். எப்பவோ செத்துப்போன ஒரு அலைக்குப் பயந்து ஊர்ந்துக்கிட்டே இருக்கணும். மெதுவான ஒண்ணு நமக்கு வேணும், வேகமான ஒண்ணு நம்மளைக் கட்டிப்போடுது. இந்த மாதிரி அமைப்புக்கு ஸ்டிஃப், அதாவது விறைப்பானதுன்னு பேர் வச்சு 1952-ல எழுதினவங்க கர்டிஸும் ஹிர்ஷ்ஃபெல்டரும். அவங்களுக்குச் சிக்கல் வந்தது வேதிவினைக் கணக்குல.

தப்பிக்கிற வழி, சரிவைத் தாண்டலோட தொடக்கத்துல பார்க்காம முடிவுல பார்க்கிறது. அப்போ பெருக்கல் எண் 1/(1 + h|λ|). ஒரு நாள் தாண்டினாலும் ரம்பப்பல் 41-ல ஒரு பங்காச் சுருங்கிடும். பெரிய அலைக்கு 0.942 வரும், உண்மை 0.940. இதுக்கு விலை, ஒவ்வொரு தாண்டலுக்கும் எல்லாப் புள்ளியையும் சேர்த்து சமன்பாடு தீர்க்கணும். 1947-ல வந்த கிராங்க்-நிக்கல்சன் முறை தொடக்கம், முடிவு ரெண்டு சரிவுக்கும் சராசரி எடுக்கும். துல்லியம் அதிகம், வெடிக்கவும் வெடிக்காது. ஆனா ஒரு நாள் தாண்டலுக்கு ரம்பப்பல்லை -0.9-ஆலதான் பெருக்கும், அதனால ஆட்டம் அடங்க நாளாகும்.

எக்ஸ்பிளிசிட்டையே புத்திசாலித்தனமா மாத்தி இந்தக் கட்டை அவிழ்க்க முடியாதா? பிரபலமான நாலாம் படி ரூங்கே-குட்டாவுக்கும் எல்லை 2-லிருந்து 2.8 பக்கம் போகுது, அவ்வளவுதான். ஒவ்வொரு தாண்டலுக்கும் நாலு தடவை சரிவு பார்க்கணும், ஆக நஷ்டம்தான். முந்தின பல நிலைகளைச் சேர்த்துப் பார்க்கிற முறைகள்ல, எக்ஸ்பிளிசிட்டா இருக்கிற எதுவும் எல்லா மைனஸ் ஐகன்மதிப்பையும் தாங்காதுன்னு ஸ்வீடன்காரர் டால்க்விஸ்ட் 1963-ல நிரூபிச்சுட்டார்.

அதுக்காக ஷ்மிட் முறையைக் குறை சொல்ல மாட்டேன். கான்கிரீட் ஊத்தின முதல் சில மணி நேரத்துல முகத்துக்கிட்ட என்ன நடக்குதுன்னு பார்க்கணும்னா, அந்த வேகமான அலைகள்தான் நமக்கு வேண்டிய செய்தி. அப்போ சின்னத் தாண்டல்தான் சரி. மூணாவது வாரத்துக்கும் அதே 72 நிமிஷமா நடக்கிறதுதான் வீண்.

ஷ்மிட் முறையைக் கையால போட்டுப் பார்த்த சிவில் நண்பர்கள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.