எல்லாரும் கெட்டிக்காரர் ஆன ரெண்டு வருசம்

2009 தொடங்கேக்க கொழும்புப் பங்குச்சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 1,500 அளவில் கிடந்தது. மே மாதம் யுத்தம் முடிஞ்சது. வருட முடிவில் சுட்டெண் 3,400ஐ நெருங்கியது, 2010 முடிவில் 6,600ஐத் தாண்டியது. அந்த நேரம் பங்கு வாங்கின எல்லாருமே தாங்கள் கெட்டிக்காரர் எண்டு நம்பினதில் ஆச்சரியமில்லை.

ஆனா ஒரு கணக்கைப் பார்ப்போம். 2009இல் ஒருவர் 1 லட்சம் ரூபாவைப் போட்டு 1 லட்சத்து 80 ஆயிரம் ஆக்கினார் எண்டு வைப்போம். பெரிய வெற்றி மாதிரித் தெரியுது. எந்தப் பங்கையும் தெரிவு செய்யாமல் சுட்டெண்ணைப் போலவே எல்லாத்திலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வைத்திருந்தவரிடம் அப்போது கிட்டத்தட்ட 2 லட்சத்து 25 ஆயிரம் இருந்திருக்கும். நம்மாள் இலாபம் கண்டார், ஆனா சந்தையிடம் தோற்றார்.

ஏன் இப்படி? 1900இல் பாரிஸில் லூயி பஷெலியே எண்டவர் தன் ஆய்வேட்டில், நேற்றைய விலையை வைத்து நாளைய விலை ஏறுமா இறங்குமா எண்டு சொல்ல முடியாது என்ற முடிவுக்கு வந்தார். இதைத்தான் பிறகு எழுமாற்று நடை என்றார்கள். 1970இல் யூஜின் ஃபாமா இந்தச் சிந்தனையை வினைத்திறன் சந்தை என்ற கோட்பாடாகத் தொகுத்தார். ஒரு நல்ல செய்தி வந்தால் அதை அறிந்தவர்கள் உடனே வாங்குவார்கள், விலை உடனே ஏறிவிடும். வெள்ளவத்தையில ஒருத்தர் கொட்டாஞ்சேனை மச்சானுக்குப் போன் எடுத்து "வாங்கு" எண்டு சொல்லும்போது அந்தச் செய்தி ஏற்கெனவே விலைக்குள்ள இருக்கும். இனி விலையை அசைக்கப் போவது இன்னும் வராத செய்தி. அது ஆருக்குத் தெரியும்?

கொழும்பு அவ்வளவு வினைத்திறனான சந்தையா எண்டு கேட்டால், இல்லை. வாங்கி விற்பவர்கள் குறைவு, செய்தி மெதுவாகப் பரவும், சில பங்குகளின் விலையை வேண்டுமெண்டே ஏற்றுவதும் நடக்கும். 2011 டிசம்பருக்கும் 2012 ஓகஸ்டுக்கும் இடையில் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் தலைவர்கள் இருவர் அடுத்தடுத்துப் பதவி விலகியது சும்மா இல்லை. அப்ப இந்த ஓட்டைகளால் புகுந்து சந்தையை வெல்லலாமே?

அங்கதான் செலவு குறுக்கே நிற்குது. தரகு, கட்டணங்கள், வரி எல்லாம் சேர்த்து சாதாரண வியாபாரத்தில் வாங்கும்போது 1.12 சதவீதம், விற்கும்போது திரும்பவும் 1.12. மாதம் ஒருமுறை வாங்கி விற்பவரின் 1 லட்சம், விலை அசையாமலே இருந்தாலும், வருட முடிவில் ஏறத்தாழ 76 ஆயிரமாகி நிற்கும். அவர் கண்டுபிடிச்ச ஓட்டை முதலில் இந்தக் குழியை நிரப்ப வேணும்.

அதையும் மீறி வருசா வருசம் வெல்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். 1,024 பேர் நாணயம் சுண்டி முதலிட்டாலும், ஒவ்வொரு வருடமும் பாதிப் பேர் வெல்வார்கள் எண்டால், பத்து வருடத்தில் ஒருவர் பத்து முறையும் வென்றிருப்பார். பத்திரிகைக்காரர் அவரைத்தான் பேட்டி எடுப்பார். மற்ற 1,023 பேரையும் ஆர் தேடிப் போறது?