நியூட்டனின் பீரங்கியும் ஸ்புட்னிக்கின் சுற்றுப்பாதையும்

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஏவிய ஸ்புட்னிக் 1 தான் உலகின் முதல் செயற்கைக்கோள். 58 செ.மீ. விட்டமும் 83.6 கி.கி. நிறையும் கொண்ட அந்த உலோக உருண்டையில் அதைத் தள்ளிச் செல்லும் எந்திரம் எதுவும் இல்லை. ஆயினும் அது மூன்று மாதம் பூமியைச் சுற்றியது. இது எப்படி இயலும் என்பதற்கான விடை, அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் முன்பே ஐசக் நியூட்டனின் எழுத்தில் இருந்தது.

நியூட்டன் இறந்த மறு ஆண்டு, 1728இல், அவருடைய நூல் ஒன்று ஆங்கிலத்தில் வெளியானது. அதில் உயர்ந்த மலையுச்சியிலிருந்து பொருள்களைக் கிடைமட்டமாக எறிவது பற்றிய படம் ஒன்று உண்டு. பின்னாளில் அதற்கு "நியூட்டனின் பீரங்கி" என்ற பெயர் நிலைத்துவிட்டது. மெதுவாகச் சுட்ட குண்டு மலையடிவாரத்தில் விழும். வேகமாகச் சுட்டால் இன்னும் தொலைவில் விழும். பூமி உருண்டை என்பதால், குண்டு விழ விழத் தரையும் வளைந்து கீழே செல்கிறது.

எண்களில் பார்த்தால் இது எளிதாக விளங்கும். பூமியின் பரப்புக்கு அருகே கீழே விடப்பட்ட பொருள் முதல் நொடியில் சுமார் 4.9 மீட்டர் விழுகிறது. பூமியின் பரப்போ, ஏறத்தாழ 7.9 கி.மீ. தொலைவு செல்லும்போது அதே 4.9 மீட்டர் கீழே வளைகிறது. எனவே நொடிக்கு 7.9 கி.மீ. வேகத்தில் செல்லும் குண்டு ஒவ்வொரு நொடியும் விழுந்துகொண்டே இருக்கும்; ஆனால் தரையை ஒருபோதும் நெருங்காது. இதுவே சுற்றுப்பாதை வேகம். வட்டப்பாதைக்கு இதன் வாய்பாடு:

v = √(GM/r)

இங்கு G ஈர்ப்பு மாறிலி, M பூமியின் நிறை, r பூமியின் மையத்திலிருந்து உள்ள தொலைவு. செயற்கைக்கோளின் நிறை இதில் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே உயரத்தில் சுற்றும் சிறு உருண்டைக்கும் பெரிய விண்கலத்துக்கும் தேவையான வேகம் ஒன்றே.

செயற்கைக்கோள் உயரே செல்வது ஈர்ப்பிலிருந்து தப்புவதற்காக என்று பலர் எண்ணுகின்றனர். 215 கி.மீ. உயரத்திலும் ஈர்ப்பின் வலிமை தரையில் உள்ளதில் சுமார் 94 விழுக்காடு இருக்கிறது. அந்த ஈர்ப்பு இல்லாவிட்டால் செயற்கைக்கோள் நேர்கோட்டில் விலகிப் போய்விடும். உயரம் தேவைப்படுவது காற்றிலிருந்து தப்புவதற்கே.

ஸ்புட்னிக்கின் பாதை சரியான வட்டமாக அமையவில்லை. பூமிக்கு மிக அருகில் வரும் அண்மை நிலை சுமார் 215 கி.மீ. உயரத்திலும், மிகத் தொலைவான சேய்மை நிலை சுமார் 940 கி.மீ. உயரத்திலும் இருந்தன. மேலே எறிந்த பந்து ஏறும்போது வேகம் குறைவது போலவே, அண்மை நிலையில் நொடிக்கு 8 கி.மீ.க்குச் சற்றுக் குறைவாக இருந்த அதன் வேகம் சேய்மை நிலையில் 7.2 கி.மீ. ஆனது. ஒரு சுற்றுக்கு 96.2 நிமிடம் பிடித்தது.

திட்டமிட்ட சேய்மை நிலை 1,450 கி.மீ. ஆனால் எரிபொருளைச் சீராக்கும் அமைப்பு பழுதானதால், ராக்கெட்டின் எந்திரம் ஏறத்தாழ ஒரு நொடி முன்னதாகவே நின்றுவிட்டது. கணக்கிட்டால் வேகத்தில் நேர்ந்த குறை நொடிக்குச் சுமார் 100 மீட்டர்தான், அதாவது நூற்றில் ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கு. அதற்கே பாதையின் மறுமுனை 500 கி.மீ. தாழ்ந்தது. குறை இன்னும் பெரிதாக இருந்திருந்தால், பாதையின் தாழ்ந்த முனை அடர்ந்த காற்றுக்குள் இறங்கி, ஒரு சுற்றுகூட முடிந்திருக்காது.

215 கி.மீ. உயரத்திலும் காற்று அடியோடு இல்லாமல் போவதில்லை. ஒவ்வொரு முறை அண்மை நிலையைக் கடக்கும்போதும் அந்த மெல்லிய காற்று ஸ்புட்னிக்கின் வேகத்தைச் சிறிதளவு குறைத்தது. ஆகவே மறுபுறம் அது முன்பு ஏறிய உயரத்துக்கு ஏறவில்லை. பாதை சுருங்கியது, ஒரு சுற்றுக்கான நேரமும் குறைந்தது. காற்று தடுத்தும் சராசரி வேகம் கூடியது என்பது முதலில் நம்பமுடியாததாகத் தோன்றும். தாழ்ந்த பாதையில் செல்லும் பொருள் வேகமாகச் சுற்றும் என்று மேற்கண்ட வாய்பாடே சொல்கிறது: r குறைந்தால் v கூடும். இழந்த உயரத்தின் ஆற்றலில் ஒரு பகுதி வேகமாகவும், எஞ்சியது வெப்பமாகவும் மாறுகிறது. கீழிருந்து கண்காணிப்பவர்களுக்கு, சுற்று நேரம் குறைவதே செயற்கைக்கோள் இறங்கி வருவதன் அடையாளம்.

சுற்றுப்பாதை வேகத்துக்கு நிறை பொருட்டல்ல; காற்றின் தடைக்கோ அது பொருட்டாகும். ஸ்புட்னிக்குடன் அதே பாதையை அடைந்த ராக்கெட்டின் நடுப்பகுதி பல டன் எடையுள்ளது. ஆனால் உள்ளே காலியான நீண்ட உடல் என்பதால், அதன் நிறையோடு ஒப்பிடுகையில் காற்றில் மோதும் பரப்பு மிகுதி. அது டிசம்பர் தொடக்கத்திலேயே விழுந்துவிட்டது. சிறிய உருண்டை மேலும் ஒரு மாதம் தாங்கியது. அதன் மின்கலங்கள் மூன்று வாரத்தில் தீர்ந்து "பீப்" ஒலி நின்ற பிறகும், ஈர்ப்பு மட்டுமே வழிநடத்த அது சுற்றிக்கொண்டிருந்தது. 1958 ஜனவரி 4 அன்று, சுமார் 1,440 சுற்றுகளுக்குப் பிறகு, வளிமண்டலத்தில் எரிந்துபோனது.