அணிச் சீருடை நிற வேறுபாடு (கால்பந்து)

ஆடுகளத்தில் மோதும் இரண்டு அணிகளையும் ஆட்டக்காரர், நடுவர், பார்வையாளர் ஆகிய மூவரும் ஒரே பார்வையில் பிரித்தறியும்படி சீருடை நிறங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை. கால்பந்தில் இதன் வரலாறு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்டது. தொடக்கத்தில் இரு அணிகளின் நிறம் வேறாக இருந்தாலே போதும் என்று கருதப்பட்டது. அந்த நிறங்களில் எது வெளிறியது, எது அடர்ந்தது என்பதுதான் முக்கியம் என்ற தெளிவு பின்னால், பல குளறுபடிகளுக்குப் பிறகே வந்தது.

1863இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் வகுத்த முதல் விதிகளில் சீருடை பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆட்டக்காரர்கள் கையில் கிடைத்த சட்டையோடு வந்து, தொப்பியாலோ தோளில் குறுக்கே கட்டிய துணிப்பட்டையாலோ தம் அணியைக் காட்டிக்கொண்டார்கள். அதற்கும் முன்பே, 1858இல், ஷெஃபீல்ட் மன்றத்தின் விதிகள் ஒவ்வொருவரும் சிவப்பில் ஒன்று, கருநீலத்தில் ஒன்று என இரண்டு ஃபிளானல் தொப்பிகள் வைத்திருக்க வேண்டும் என்றன. அன்றைக்கு எந்தப் பக்கம் ஆடுகிறாரோ அந்த நிறத்தை அணிவார். மன்றத்துக்குள்ளேயே பிரிந்து ஆடிய காலத்துக்கு அது பொருத்தமான ஏற்பாடு.

மன்றங்கள் தமக்கென்று நிறங்களை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று ஆடத் தொடங்கியதும் ஒரே நிறத்தில் இரண்டு அணிகள் எதிரெதிரே நிற்கும் நிலை வந்தது. இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக் 1890இல், எந்த இரண்டு மன்றங்களும் ஒத்த நிறங்களைப் பதிவு செய்யக் கூடாது என்று விதித்தது. மன்றங்களின் எண்ணிக்கை பெருகப் பெருக இந்த விதியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பிறகு அதைக் கைவிட்டு, ஒவ்வோர் அணியும் இரண்டாவது நிறத்தில் ஒரு சட்டைத் தொகுதி வைத்திருக்க வேண்டும் என்றார்கள். நிறம் மோதினால் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியவர்கள் உள்ளூர் அணியினர். வந்தவர்கள் மாற்ற வேண்டும் என்ற இன்றைய வழக்கம் 1921இல்தான் விதியானது. கோல்கீப்பர் தனி நிறம் அணிய வேண்டும் என்பது 1909இல் வந்தது. கையால் பந்தைத் தொட்டவர் யார் என்று நடுவர் தொலைவிலிருந்தே அறிய அது உதவியது.

இந்த விதிகள் எல்லாம் கண்ணுக்கு அருகில் இருக்கும் சட்டையை மனத்தில் வைத்தவை. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி வந்தபோது அவற்றின் குறை வெளிப்பட்டது. சிவப்பும் நீலமும் நேரில் எவ்வளவு மாறுபட்டாலும் இரண்டும் அடர்நிறங்கள்; கறுப்பு வெள்ளைத் திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பல்தான்.

1978 உலகக் கோப்பையில், ஜூன் 10 அன்று, அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா நகரில் பிரான்சும் ஹங்கேரியும் ஆட வந்தபோது இந்தச் சிக்கல் முற்றியது. பிரான்சின் வழக்கமான நிறம் நீலம், ஹங்கேரியின் நிறம் சிவப்பு. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்ப்பவர்களுக்காக ஓர் அணி வெள்ளை அணிய வேண்டும் என்று ஃபிஃபா முடிவு செய்திருந்தது. யார் மாறுவது என்ற செய்தி சரியாகப் போய்ச் சேராததால் இரு அணியினரும் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார்கள். பிரான்ஸ் நீலச் சட்டைகளைக் கொண்டுவரவில்லை. அவ்வூர் கிம்பர்லி மன்றத்திடமிருந்து பச்சை வெள்ளைக் கோடு போட்ட சட்டைகளை இரவல் வாங்கி வந்து, தாமதமாக ஆட்டத்தைத் தொடங்கினார்கள். மன்றச் சட்டைகளின் எண்கள் உலகக் கோப்பை எண்களோடு பொருந்தவில்லை. பிரான்ஸ் வீரர் ரோஷ்டோவின் கால்சட்டையில் 18, சட்டையில் 7. பிரான்ஸ் 3-1 என வென்றது. வெளிர், அடர் என்ற வேறுபாட்டைக் காக்க எடுத்த முடிவு சரியானது. அதை எழுத்தில் உறுதிசெய்து இரு அணிகளிடமும் ஒப்புதல் வாங்காததுதான் பிழை.

பார்வையாளருக்குத் தெரிவது ஒன்று, ஆடுபவருக்குத் தெரிவது வேறு. மேலே உட்கார்ந்து பார்ப்பவருக்குச் சட்டையின் பின்னால் இருப்பது பச்சைப் புல். களத்தில் ஓடுபவருக்கோ, தலைநிமிர்ந்து பார்க்கும்போது சக ஆட்டக்காரரின் பின்னால் இருப்பது கூட்டம். பந்தைக் கடத்துபவர் பல நேரம் கடைக்கண்ணால்தான் தோழரைக் கண்டுகொள்கிறார். கண்ணின் ஓரப் பார்வை நிறத்தை நன்றாகப் பிரித்தறியாது. அசைவையும் வெளிச்ச வேறுபாட்டையும்தான் பற்றிக்கொள்ளும். வெளிறிய கூட்டத்தின் முன் சாம்பல் சட்டை கரைந்துபோவது இதனால்தான்.

1996 ஏப்ரல் 13 அன்று சவுத்தாம்ப்டனில் மான்செஸ்டர் யுனைடெட் சாம்பல் சட்டையில் ஆடி, முதல் பாதியில் 0-3 எனப் பின்தங்கியது. இடைவேளையில் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் நீல வெள்ளைச் சட்டைக்கு மாறச் சொன்னார். இரண்டாம் பாதியில் யுனைடெட் ஒரு கோல் அடிக்க, ஆட்டம் 1-3 என முடிந்தது. வீரர்களால் ஒருவரையொருவர் அடையாளம் காண முடியவில்லை என்றார் ஃபெர்குசன். அந்தச் சட்டையில் ஆடிய ஐந்து ஆட்டங்களில் நான்கு தோல்வி, ஒன்று சமன். பிறகு அது அணியப்படவே இல்லை. தோல்விக்குச் சட்டைதான் காரணம் என்று ஐந்து ஆட்டங்களை வைத்து நிறுவிவிட முடியாது. ஆனால் அவர் சொன்ன காரணம் கண் இயங்கும் விதத்தோடு ஒத்துப்போகிறது.

கறுப்பு வெள்ளைத் திரை, ஆடுபவரின் கடைக்கண் ஆகியவற்றுக்கு அடுத்து, சீருடை நிறத்துக்கு மூன்றாவது சோதனை நிறக்குருடு. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் தெளிவாகப் பிரியாது. 2015 நவம்பர் 12 அன்று அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். ஆட்டத்தில் பஃபலோ பில்ஸ் தலைமுதல் கால்வரை சிவப்பிலும் நியூயார்க் ஜெட்ஸ் முழுப் பச்சையிலும் இறங்கின. மற்றவர்களுக்கு அது கண்ணைப் பறித்த காட்சி. நிறக்குருடு உள்ளவர்களோ யார் எந்த அணி என்றே தெரியவில்லை என்று குமுறினார்கள். இரண்டு நிறங்களும் ஒத்த அடர்த்தியில் இருந்ததுதான் கோளாறு. ஓர் அணி வெள்ளை அணிந்திருந்தால் அவர்களுக்கும் ஆட்டம் தெளிவாகத் தெரிந்திருக்கும். 2014 கால்பந்து உலகக் கோப்பையில் ஃபிஃபா ஓர் அணி வெளிர், மற்றது அடர் என்பதை வலியுறுத்தியது. ஸ்பெயின் தன் சிவப்பை விட்டு வெள்ளையிலும், நெதர்லாந்து ஆரஞ்சை விட்டு நீலத்திலும் ஆடியது அதனால்தான். ரசிகர்களில் பலர் மரபு போய்விட்டது என்று வருந்தினார்கள். ஆட்டத்தைப் பார்க்க முடியாமல் போவதைவிட அது சிறிய இழப்பு.

கோடுகள் தனிச் சிக்கல். அருகில் பளிச்சென்று இருக்கும் மெல்லிய கறுப்பு வெள்ளைக் கோடுகள் தொலைவில் கலந்து சாம்பலாகிவிடும். அதனால் அத்தகைய சட்டைக்கு எதிரே வெள்ளையும் சரிவராது, கறுப்பும் சரிவராது. கோடில்லாத, பளிச்சென்ற மஞ்சள் போன்ற ஒரு நிறமே பாதுகாப்பு. கோட்டின் மேல் எழுதிய எண்ணும் எட்ட இருந்து படிக்க வராது.

இன்றைய கால்பந்து விதிகளின் நான்காவது விதி, இரு அணிகளும் ஒன்றுக்கொன்றும் நடுவர்களிடமிருந்தும் வேறுபடும் நிறம் அணிய வேண்டும் என்கிறது; கோல்கீப்பர்கள் மற்ற எல்லா ஆட்டக்காரரிடமிருந்தும் நடுவர்களிடமிருந்தும் வேறுபட வேண்டும் என்கிறது. எவ்வளவு வேறுபட வேண்டும் என்று அளவு எதுவும் சொல்லவில்லை. ஊர்ப் போட்டிக்குச் சட்டை தைக்கக் கொடுப்பவர்கள் அந்த அளவைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். இரண்டு மாதிரிச் சட்டைகளையும் மைதானத்தின் மறு கோடியில் இருவருக்கு அணிவித்து, கைப்பேசியில் படமெடுத்து, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், துணி வெட்டுவதற்கு முன்பே ஒன்றை மாற்றிவிடுங்கள்.