நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் சளியும் காய்ச்சலும்

பல்லாண்டு பீடி, சிகரெட் புகைத்தவர்களின் மூச்சுக்குழாய்கள் சுருங்கி, இருமலும் இளைப்பும் நிலைத்துவிடும் நோய் இது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் நூற்பாலைப் பஞ்சுத் தூசியும் விறகு அடுப்புப் புகையும் இதை மோசமாக்கும்.

வேறுபாடு: சில நாட்களில் இளைப்பு கூடி, சளி பெருகி, பச்சையாக மாறினால் அது நோயின் திடீர்த் தீவிரம். குளிர்காய்ச்சலும் மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக் குத்தலும் சேர்ந்தால் நிமோனியாவாக இருக்கலாம். 60 வயதிலும் பீடி பிடிக்கும் நூற்பாலைத் தொழிலாளி ஒருவருக்கு மூன்று நாளாகப் பச்சைச் சளி, 102 டிகிரி காய்ச்சல் என்று கொள்வோம். சளியின் நிறம் மட்டும் விடை தராது. எக்ஸ்ரேயில் புதிய வெண்திட்டு தெரிந்தால் பெரும்பாலும் நிமோனியா. தெரியாவிட்டால் பெரும்பாலும் தீவிரம். காசநோயும் இப்படியே தோன்றுமாதலால் சளிப் பரிசோதனையும் தேவை.

சிகிச்சை: தீவிரத்துக்கு சால்பியூட்டமால், இப்ராட்ரோப்பியம் மருந்துகளை நெபுலைசரில் தருவர், பிரெட்னிசோலோன் 40 மி.கி. வீதம் 5 நாள். சளி சீழாக மாறியிருந்தால் ஆன்டிபயாடிக்கும் உண்டு. நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக்கே முதன்மை மருந்து. ஆக்சிஜன் அளவை 88 முதல் 92 சதவீதத்துக்குள் வைப்பர்; அளவு மிஞ்சினால் இரத்தத்தில் கரியமில வாயு தேங்கும்.

உதடு நீலமானாலோ, குழப்பமோ அதிகத் தூக்கமோ வந்தாலோ, பேச மூச்சு போதாவிட்டாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.