பாதி மரணத்தின் கணக்கு: எல்டி-50 சோதனையும் மூன்று நெறிகளும்

பிராணிகளை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவதில் பதிலீடு, குறைப்பு, செம்மைப்படுத்தல் என மூன்று நெறிகள் உண்டென்று மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். அவை எதைத் திருத்த வந்தன என்பதை அறிய, ஒரேயொரு சோதனையின் சரித்திரத்தைப் பின்தொடர்வது போதுமானது.

டிஜிட்டாலிஸ் இலையிலிருந்து எடுக்கப்படும் இருதய மருந்தின் வீரியம் ஒவ்வொரு தொகுதியிலும் வேறுபடும். குணமளிக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் உள்ள இடைவெளியோ மிகச் சிறிது. அத்தகைய மருந்துகளைத் தரப்படுத்த, பிராணியைக் கொல்லும் மிகக் குறைந்த அளவைத் தேடி வந்தார்கள். ஆனால் ஒரே வகைப் பிராணிகளுள்ளும் தாங்கும் சக்தி வேறுபடுவதால், அந்த அளவு நிலையாக நிற்கவில்லை. மருந்தின் அளவையும் மாண்டவற்றின் சதவிகிதத்தையும் வரைபடமாக்கினால் வளைகோடு இரு முனைகளிலும் படுத்தும் நடுவில் செங்குத்தாயும் அமைவதைக் கண்ட ஜே. டபிள்யூ. டிரெவன், பாதிப் பிராணிகளைக் கொல்லும் அளவே மிகக் குறைந்த பிழையுடன் நிர்ணயிக்கத்தக்கது என்று 1927இல் நிறுவினார். எல்டி-50 என்பது அதுவே. அவர் காலத்து நோக்கத்துக்கு அது நியாயமான கணிதம் என்றே கருதுகிறேன்.

பிசகு பின்னால் வந்தது. நுட்பமான தரப்படுத்தலுக்கென்று பிறந்த முறையை, சாயம், பூச்சிமருந்து, சோப்பு முதலிய சகல ரசாயனங்களுக்கும் விதியாக்கியபோது, ஒரு பொருளுக்காகச் சில சமயம் நூறு எலிகள் வரை பலியாயின. பெட்டியின்மேல் எந்த எச்சரிக்கைச் சீட்டை ஒட்டுவது என்ற கேள்விக்கு, விஷம் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று தெரிந்தாலே போதும்; தசம புள்ளி வரை துல்லியம் வேண்டுவதில்லை. மேலும், ஒரே பொருளுக்கு வெவ்வேறு ஆய்வுக்கூடங்கள் கண்ட மதிப்புகள் பல மடங்கு மாறுபட்டமையால், அத்துல்லியமும் பெரும்பாலும் தோற்றமாத்திரமே.

பிராணி நலனுக்கான பிரிட்டிஷ் பல்கலைக்கழகச் சம்மேளனத்தின் ஆதரவில் வில்லியம் ரஸ்ஸலும் ரெக்ஸ் பர்ச்சும் ஆராய்ந்து 1959இல் வெளியிட்ட நூலே மூன்று நெறிகளையும் வகுத்தது. உணர்வுள்ள பிராணிக்குப் பதில் உணர்வற்ற பொருளைக் கொள்வது பதிலீடு. அதே அளவு தகவலையும் துல்லியத்தையும் குறைவான பிராணிகளால் பெறுவது குறைப்பு. தவிர்க்கவியலாது பயன்படுவனவற்றின் துன்பத்தைத் தணிப்பது செம்மைப்படுத்தல். குறைப்பின் இலக்கணத்தில் ‘அதே தகவல்’ என்னும் நிபந்தனையை மாணவர்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். முடிவு எதையும் தராத அளவுக்கு எண்ணிக்கையைச் சுருக்கினால் அந்தச் சில பிராணிகளும் வீணாக மாண்டவையே ஆகும்.

அந்நூல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரிதும் கவனிக்கப்படாமல் கிடந்தது. 1984இல் பிரிட்டிஷ் நச்சியல் சங்கம் முன்மொழிந்த நிலையான அளவு முறையில்தான், கேள்வியே மாறியது: எத்தனை பிராணி மாண்டது என்பதை விட்டு, தெளிவான நச்சுக் குறி எந்த அளவில் தென்படுகிறது என்று கேட்கலாயினர். இன்றைய விதிப்படி, எடையில் ஒரு கிலோவுக்கு 5, 50, 300, 2000 மில்லிகிராம் என நான்கே அளவுகள். பெயர் அறியாத ஒரு தூளை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒரே ஒரு பெண் எலிக்கு 300 மில்லிகிராம் விகிதம் கொடுத்து, அது நடுங்குகிறதா, தள்ளாடுகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கவனிக்கிறார்கள். குறி தெளிவாக இருந்து, அது மடியாவிட்டால், அதே அளவில் மேலும் நான்கு எலிகளைச் சோதித்துப் பதினான்கு நாள் கண்காணிப்பார்கள். ஐந்தில் ஒன்றுக்கு மேல் மடியாவிடில், தூளின் எல்டி-50 மதிப்பு 300க்கும் 2000க்கும் இடைப்பட்ட வகுப்பைச் சேர்ந்ததென்று முடிவாகும்; ஐந்து எலிகளோடு காரியம் முடிகிறது. கடும் வேதனையில் கிடப்பதை உடனே வலியின்றிக் கொன்று, அதையும் மாண்டதாகவே கணக்கில் சேர்ப்பார்கள்; தானாய்ச் சாகட்டும் என்று காத்திருப்பதற்குக் காரணமே இல்லாமற்போகிறது.

இம்முறையின் பலவீனம் கண்ணில் இருக்கிறது. ‘தெளிவான குறி’ என்பது பார்ப்பவரின் பயிற்சியைச் சார்ந்தது. ஆரோக்கியமான எலியின் நடையை நன்கறியாதவர் முதல் தளர்ச்சியைக் காணத் தவறினால், அடுத்த எலிக்கு மேலும் உயர்ந்த அளவு போய்ச் சேரும். ஆகவே செம்மைப்படுத்தல் ஒரு விதியாக எழுதப்பட்டதோடு முடியவில்லை.

பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி நிறுவனம் 1992இல் இம்முறையை ஏற்றது. பழைய எல்டி-50 விதி 2002 டிசம்பரில் நீக்கப்பட்டது. பதிலீடுதான் இன்னும் பாதி வழியில் நிற்கிறது. சுண்டெலியின் உயிரணுக்களைப் பாத்திரத்தில் வளர்த்து, சாயத்தை உறிஞ்சும் சக்தியை விஷம் எந்த அளவில் கெடுக்கிறதென்று அளந்து, எலியின் ஆரம்ப அளவைத் தேர்ந்துகொள்ளலாம்; ஆனால் பாரத்தியான் போன்ற பூச்சிமருந்து கல்லீரலில் உருமாறிய பின்னரே நரம்பைத் தாக்குவதால், அந்த உயிரணுப் பாத்திரத்தில் அதன் முழு விஷமும் வெளிப்படாது.